புட்டியின் மேல் ஒட்டிய சீட்டு



சித்தூரில் நமக்கு அறிமுகமான அம்மையார் ஒருவர் உண்டு. வேலூர்ப் பக்கத்திலிருந்து மணமாகி வந்து முப்பது ஆண்டுகள் ஆகின்றன. நாம் அவரை அக்கா என்றே அழைப்பது வழக்கம். தம் தாயார் காய்ச்சிய கூந்தல் எண்ணெயைத் தாமும் காய்ச்சி, முதலில் உறவினருக்கும், பிறகு அண்டை வீட்டாருக்கும், பின்னர் வாரம் ஒருமுறை பேருந்தில் திருப்பதிக்கு எடுத்துச் சென்று அங்குள்ள தமிழ்க் குடும்பங்களுக்கும் கொடுத்து வந்தார். வாங்குவோர் பெருகவே, புட்டிக்கு ஒரு லேபிள் அச்சிட விரும்பினார். தமிழில் தாமே எழுதிக்கொண்டார். தெலுங்கிலும் வேண்டுமென்று நம்மிடம் கொண்டு வந்தார். மத்திய அரசாங்க அலுவலகத்தில் மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நமக்கு ஆறு வரிச் சீட்டு ஒரு வேலையா? காப்பி ஆறுவதற்குள் முடித்துக் கொடுத்துவிட்டோம். அந்த ஆறு வரிகளால் விளைந்ததையே இன்று சொல்லப் போகிறோம். அதில் நமக்கும் பங்கு உண்டு என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்ளுகிறோம்.

அக்கா எழுதிய வாசகம் இது: "முடி உதிர்வை ஏழே நாளில் அடியோடு நிறுத்தும். ஆறு வாரத்தில் புதுமுடி முளைக்கும். இளநரை கருக்கும். பொடுகு, புழுவெட்டு குணமாகும். நூற்றுக்கு நூறு இயற்கை, இரசாயனம் இல்லை. பக்கவிளைவு இல்லவே இல்லை."

இதில் ஏமாற்றும் எண்ணம் எள்ளளவும் கிடையாது. ஒவ்வொரு வரிக்கும் அக்காவிடம் சாட்சி இருந்தது. ஒருவர் சொன்னது ஒரு வரியாயிற்று, மற்றொருவர் சொன்னது அடுத்த வரியாயிற்று. கேட்டதையே எழுதியதாக அவர் கூறினார். பொய் சொல்லத் தெரியாதவர் எழுதும் லேபிளில் பொய் எவ்வாறு புகுகிறது என்பது ஆராயத்தக்கது. அதற்குத் திருப்பதியைவிடப் பொருத்தமான ஊர் வேறில்லை.

திருமலையில் கல்யாணகட்டாவில் நாள்தோறும் ஆயிரக்கணக்கானோர் முடி காணிக்கை செலுத்துகின்றனர். மொட்டையடித்துக்கொண்ட உறவினருக்கெல்லாம் அக்கா ஒரு புட்டி கொடுப்பார். ஆறு வாரங் கழித்துப் பார்த்தால் தலை நிறையக் கருகருவென்று முடி! ஆனால் மனிதருடைய தலைமுடி எண்ணெய் இருந்தாலும் இல்லாவிட்டாலும் மாதத்திற்கு ஏறத்தாழ ஒரு செண்டிமீட்டர் வளர்வது. ஆறு வாரத்தில் ஒன்றரை செண்டிமீட்டர் ஆகிவிடும். சவரக்கத்தி முடியை நுனியில் மழுங்க வெட்டுவதால், புதிதாக எழும்பும் முடி தடிப்பாகவும் அடர்த்தியாகவும் கண்ணுக்குத் தோன்றும். வேரின் எண்ணிக்கை கூடுவதில்லை. கூந்தல் எண்ணெயின் ஆற்றலைச் சோதிப்பதற்கு உலகில் எங்கேனும் ஓர் ஊர் தகாது என்றால் அது திருப்பதிதான்.

முடி உதிர்வு நின்ற கதையும் இத்தகையதே. கடுங்காய்ச்சல் வந்து தேறியவர்க்கு இரண்டு மூன்று மாதங் கழித்து முடி கொத்துக் கொத்தாக உதிர்வதுண்டு. பிள்ளை பெற்ற பெண்களுக்கும் அவ்வாறே. காய்ச்சலோ பிரசவமோ உடலை உலுக்கும்போது, பல முடிவேர்கள் ஒரே சமயத்தில் வளர்ச்சியை நிறுத்தி ஓய்வுக்குப் போய்விடுகின்றன. ஓய்வு முடிந்து புதுமுடி கீழிருந்து தள்ளும்பொழுது பழையது விழுகிறது. ஆகவே உதிர்வதே மறுவளர்ச்சியின் அடையாளம். சில மாதங்களில் அது தானாக நின்றுவிடும். சீப்பில் சுருள் சுருளாக முடி வரும்போது, அஃதாவது உதிர்வு உச்சத்தில் இருக்கும்போதுதான், ஒரு பெண் எண்ணெய் தேடிப் புறப்படுகிறாள். உச்சத்துக்குப் பின் இறக்கந்தானே? இறக்கத்தின் புகழ் கையிலிருக்கும் புட்டிக்குப் போய்ச் சேருகிறது.

இதையெல்லாம் நாம் அக்காவிடம் சொன்னது பின்னாளில்தான். அவர் எளிதில் ஒப்பவில்லை. "தம்பி, கண்ணால் கண்டதைப் பொய் என்கிறாயா?" என்றார். அப்பொழுது அவருடைய தம்பி மகன் மொட்டையடித்து வந்திருந்தான். அவனையே சோதனைக்கு உட்படுத்தினோம். தலையின் வலப்பாதிக்கு மட்டும் நாள்தோறும் எண்ணெய், இடப்பாதிக்கு ஒன்றுமில்லை. பையன் நல்லவன், பள்ளியில் கேலிக்கு ஆளானாலும் பொறுத்துக்கொண்டான். ஆறு வாரங் கழித்து அளவுகோலை வைத்து அளந்தோம். இரு பக்கமும் ஒன்றரை செண்டிமீட்டரை ஒட்டியே இருந்தன. வலப்பக்கம் பளபளத்தது, சீப்பு வழுக்கிக்கொண்டு போயிற்று. அவ்வளவே. ஒரு தலையை வைத்து விஞ்ஞானம் எழுதிவிட இயலாதுதான். ஆயினும் அன்று அக்கா நெடுநேரம் பேசவில்லை.

சோதனைக்கு முன் நிகழ்ந்ததைச் சொல்ல வேண்டும். லேபிளின் நான்காவது வரியில் புழுவெட்டு என்ற சொல் வருகிறதன்றோ? தலையில் வட்ட வட்டமாக முடி கொட்டிப்போவதைத் தமிழர் புழு வெட்டியதாகக் கருதிப் பெயரிட்டனர். தெலுங்கர் பேன் கடித்ததாகக் கருதிப் பேனுகொருகுடு என்றனர். இரண்டும் பிழையான காரணத்தையே பெயராக உடையவை. உண்மையில் நம் உடலின் காப்புப் படையே வழிதவறி முடிவேரைத் தாக்குவதால் வருவது அது. புழுவும் இல்லை, பேனும் இல்லை. பலருக்குச் சில மாதங்களில் முடி தானே திரும்பிவிடும் என்பதால், இங்கும் எண்ணெய்க்குப் பொய்ச் சாட்சி கிடைத்துவிடுகிறது. நாமோ மொழிபெயர்ப்பாளருக்கேற்ற மகிழ்ச்சியுடன் ஒரு சொல்லுக்கு நேர்ச்சொல்லைப் போட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டோம்.

அடுத்த சொல்லில் இன்னும் பெரிய பிழை செய்தோம். "குணமாகும்" என்பதை "நயமவுதுந்தி" என்று எழுதினோம். தமிழில் குணம் என்னும் சொல் சற்று நெகிழ்ச்சியுடையது. "இப்பொழுது கொஞ்சம் குணம்" என்று நோயாளி சொன்னால் வலி தணிந்திருக்கிறது என்று மட்டுமே பொருள். நாம் எழுதிய தெலுங்குச் சொல்லோ, நோய் தீர்ந்துவிடும் என்று உறுதியாக அறிவித்தது. அக்கா மனத்தில் நினைத்ததற்கு ஒருபடி மேலான வாக்குறுதியை நாம் அச்சேற்றிவிட்டோம்.

திருப்பதியில் ஒரு வீட்டில் ஏழு வயதுச் சிறுவனுக்குத் தலையில் வட்டமாக முடி கொட்டியது. பாட்டி பார்த்துவிட்டுப் புழுவெட்டு என்றார். லேபிளிலும் அதே சொல் இருந்தது. ஊர்க்காரர் செய்த எண்ணெய், தெரிந்தவர் கொடுத்தது, சந்தேகிக்க என்ன இருக்கிறது? ஏழு வாரங்கள் எண்ணெய் தடவினர். வட்டம் பெருகியது, மேலே செதில் படர்ந்தது, பின்பு அந்த இடம் வீங்கிச் சீழ் கோத்துக்கொண்டது. தோல் மருத்துவர் பார்த்துவிட்டு, இது புழுவெட்டே அன்று, தலைப்படர்தாமரை என்றார். முடியின் தண்டுக்குள்ளேயே புகுந்து வாழும் பூஞ்சையால் வருவது. மேலே எதைத் தடவினாலும் வேர்வரை எட்டாது. வாய்வழியாகப் பல வாரங்கள் மாத்திரை உட்கொண்டால்தான் தீரும். தொடக்கத்திலேயே கொடுத்திருந்தால் முடி முழுதும் திரும்பியிருக்கும். சீழ் கோத்து ஆறிய இடத்தில் தழும்பு விழுந்துவிட்டால் அங்கே முடி வளராது. அந்தச் சிறுவனுக்கு ஓர் எட்டணாக் காசு அளவு தழும்பு நிலைத்துவிட்டது.

இரண்டையும் வேறுபடுத்தி அறிவது கடினமன்று. புழுவெட்டில் தோல் வழவழவென்றிருக்கும், செதிலும் இராது, அரிப்பும் பெரும்பாலும் இராது. படர்தாமரையில் செதில் இருக்கும், முடி அடியோடு முறிந்து கரும்புள்ளிகளாகத் தெரியும், பிடரியில் நெறிகட்டுவதும் உண்டு, ஒரே சீப்பைப் பயன்படுத்தும் மற்றப் பிள்ளைகளுக்கும் தொற்றும். இவ்வளவு தெரிந்திருந்தாலும் மருத்துவர் பார்ப்பதே முறை. லேபிள் செய்த தீங்கு எண்ணெயால் வந்ததன்று. அந்த எண்ணெய் சிறுவனுக்கு ஒன்றும் செய்யவில்லை. ஏழு வாரங்களை விழுங்கியது "குணமாகும்" என்ற சொல்.

அந்தக் குடும்பம் வழக்குத் தொடரவில்லை. வசை பாடவும் இல்லை. சித்திரை மாதம் தமிழ்ச் சங்கக் கூட்டத்தில் அக்காவைக் கண்டதும் எழுந்து வேறு வரிசையில் போய் உட்கார்ந்தார்கள். வெளிமாநிலத்தில் வாழும் நமக்கு இதன் கனம் தெரியும். இங்கு நாம் ஒருவரிடம் ஒருவர் பொருள் வாங்குவது கடைக்காரரிடம் வாங்குவது போன்றதன்று. மொழியை நம்பி வாங்குகிறோம். அந்த நம்பிக்கை முறிந்தால், வாங்கியவர் திரும்பக் கேட்பதில்லை, சொல்லாமல் விலகிக்கொள்கிறார். அக்காவுக்கு அந்த ஆண்டு திருப்பதியில் பதினோரு வீடுகள் குறைந்தன. ஏன் என்று ஒருவரும் சொல்லவில்லை.

அதன் பிறகே சட்டம் என்ன சொல்லுகிறது என்று நாம் தேடிப் படித்தோம். முன்னமே படித்திருக்க வேண்டும்.

1940-ஆம் ஆண்டின் மருந்துச் சட்டத்தில் அழகுப் பொருள்களும் 1962-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் சேர்க்கப்பட்டன. அச்சட்டம் அழகுப் பொருளையும் மருந்தையும் பிரிக்கும் முறை நமக்கு வியப்பளித்தது. புட்டிக்குள் என்ன இருக்கிறது என்பதைக் கொண்டு பிரிக்கவில்லை, எதற்கென்று கொடுக்கப்படுகிறது என்பதைக் கொண்டு பிரிக்கிறது. தூய்மை செய்ய, அழகூட்ட, தோற்றத்தை மாற்ற உடலின்மேல் தடவுவது அழகுப் பொருள். நோயைத் தீர்க்க, தணிக்க, தடுக்கக் கொடுப்பது மருந்து. அதே தேங்காயெண்ணெய், அதே கரிசலாங்கண்ணி. லேபிளில் "கூந்தலுக்குப் பளபளப்புத் தரும்" என்று எழுதினால் அழகுப் பொருள், "பொடுகு குணமாகும்" என்று எழுதினால் மருந்து. அக்கா அடுப்பில் ஒன்றையும் மாற்றாமல், ஒரு வினைச்சொல்லால் மருந்து உற்பத்தியாளராகிவிட்டார். அதற்கான உரிமம் அவரிடம் கிடையாது. "ஆயுர்வேதம்" என்று சேர்த்தால் தப்பிக்கலாம் என்று ஒருவர் யோசனை கூறினார். தப்புவதற்கில்லை. அது மருந்துகளின் வேறோர் அத்தியாயத்திற்கு இழுத்துச் செல்லும், அதற்கும் தனி உரிமம் உண்டு.

மருந்தாக்கிக் கொண்டாலும் அந்த வரிகள் நிற்கமாட்டா. மருந்து விதிகளின் ஜே அட்டவணையில், எந்த மருந்தும் தீர்ப்பதாகச் சொல்லிக்கொள்ளக் கூடாத நிலைமைகள் வரிசையாகத் தரப்பட்டுள்ளன. வழுக்கை, முடியின் நிறமாற்றம், புதுமுடி வளர்ச்சி, தோலின் சிவப்பழகு ஆகியவை புற்றுநோய்க்கும் நீரிழிவுக்கும் பக்கத்திலேயே இடம்பெற்றிருக்கின்றன. அக்காவின் ஆறு வரிகளில் இரண்டு அப்படியே அங்கே இருந்தன.

இனி, அழகுப் பொருள் என்ற அளவிலேயே நின்றாலும், லேபிளில் உள்ள ஏதேனும் ஒரு செய்தி பொய்யாகவோ தவறான எண்ணம் தருவதாகவோ இருந்தால் அது பிழைக் குறியீடுடைய பொருள் என்பது சட்டம். ஏதேனும் ஒன்று என்பதைக் கவனிக்க வேண்டும். ஐந்து உண்மைகள் ஒரு பொய்க்கு ஈடாக மாட்டா. "பக்கவிளைவு இல்லவே இல்லை" என்னும் வரியை எடுத்துக்கொள்வோம். ஆயிரம் பேருக்கு ஒன்றும் நேராதிருந்தும், ஆயிரத்தோராவது ஆளுக்கு வெந்தயமோ வேறொன்றோ ஒவ்வாமல் பிடரியில் தடித்துவிட்டால் அந்த வரி பொய்யாகிவிடுகிறது. இத்தகைய வரியை எழுதுவது, முன்பின் அறியாத ஒவ்வொருவருடைய தோலுக்கும் பிணை நிற்பதாகும்.

"இரசாயனம் இல்லை" என்பதும் வெறும் ஓசைதான். நெல்லிக்காயின் புளிப்பும் இரசாயனம், தண்ணீரும் இரசாயனம். இயற்கை என்ற சொல்லுக்கு நம் மக்களிடத்தில் மயக்கம் மிகுதி. மருதாணியைப் பாருங்கள். அதன் இலையிலுள்ள சாயம் செம்மஞ்சளாகவே பிடிக்கும், பிறகு சற்றுக் கறுக்கும், அதற்கும் மணிக்கணக்கில் நேரம் வேண்டும். பத்து நிமிடத்தில் தார்போல் கறுக்கும் இயற்கை மருதாணி என்று ஒருவர் விற்றால், அதில் செயற்கைச் சாயம் கலந்திருக்கிறது. அச்சாயம் சிலருக்குக் கொப்புளம் எழுப்பும். ஆதலின்தான் அத்தகைய தலைச்சாயங்களின்மேல், முதலில் சிறிதளவு தடவிச் சோதிக்க வேண்டும், இமைக்கும் புருவத்துக்கும் இடலாகாது என்ற எச்சரிக்கையை விதிகள் கட்டாயமாக்கியிருக்கின்றன. இயற்கை என்ற சொல் அந்த எச்சரிக்கையை மறைத்துவிடுகிறது.

அக்கா ஒருமுறை கேட்டார்: "லேபிளில் எழுதாமல் வாயால் சொன்னால்?" கெட்டிக்காரத்தனமான கேள்விதான். 1954-ஆம் ஆண்டில் மருந்து, மாயச் சிகிச்சை விளம்பரங்களைக் கட்டுப்படுத்த ஒரு சட்டம் வந்தது. அதில் விளம்பரம் என்ற சொல்லுக்குள் லேபிளும் அடங்கும், உறையும் அடங்கும், வாயால் அறிவிப்பதும் அடங்கும். ஒளியாலும் ஒலியாலும் புகையாலும் செய்யும் அறிவிப்பைக்கூட அதை எழுதியவர்கள் விட்டுவைக்கவில்லை. வானத்தில் புகையால் எழுதும் விமானத்தை அவர்கள் நினைத்தார்கள் போலும்! 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமும் லேபிளை விளம்பரமென்றே கொள்ளுகிறது. தவறான விளம்பரத்திற்குப் பத்து லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க அதில் இடமுண்டு.

நீதிமன்றம் வரை போன ஒன்றைச் சொல்லுகிறோம். கேரளத்தில் தாத்ரி என்னும் பெயரில் விற்ற கூந்தல் களிம்பை ஆறு வாரத்தில் பயன் தெரியும் என்ற விளம்பரத்தை நம்பி ஒருவர் 2012-இல் வாங்கினார். முடி வளரவில்லை, வீட்டாரின் நகைப்புத்தான் வளர்ந்தது. திருச்சூர் மாவட்ட நுகர்வோர் மன்றத்திற்குப் போனார். 2020-ஆம் ஆண்டின் இறுதியில் தீர்ப்பு வந்தது. உற்பத்தியாளரும், விளம்பரத்தில் தோன்றிய நடிகர் அனூப் மேனனும் ஆளுக்குப் பத்தாயிரம் ரூபாய் செலுத்த வேண்டுமென்று மன்றம் கூறிற்று. விசாரணையில் அந்த நடிகர் தாம் அக்களிம்பைப் பயன்படுத்தியதில்லை என்றும், தம் தாயார் வீட்டில் செய்து தரும் எண்ணெயையே தடவி வருவதாகவும் சொன்னார். தொகை சிறிதுதான். ஆனால் ஆறு வாரம் என்று காலம் குறித்ததே அளந்து பார்க்க வழி செய்துவிட்டது என்று நாம் கருதுகிறோம். "ஏழே நாளில்" என்று எழுதிய அக்கா, எட்டாம் நாளில் தம்மைக் கேள்வி கேட்கும் உரிமையை வாங்குவோர் கையில் எழுதிக் கொடுத்திருந்தார்.

காலக்கெடு வைப்பதில் இன்னொரு அபாயம் உண்டு. வாக்குறுதி நிறைவேறாதபோது, அதை நிறைவேற்றுவதற்கென்றே எதையாவது கலக்கும் ஆசை பிறக்கிறது. இது கூந்தல் எண்ணெயைவிட முகப்பூச்சில் மிகுதி. சேஷாசல மலையின் செஞ்சந்தனத்தையோ கஸ்தூரி மஞ்சளையோ எத்தனை நாள் பூசினாலும் ஒரு வாரத்தில் நிறம் மாறாது. மாற்றவல்லது பாதரசம். தோலில் கருநிறப் பொருள் உண்டாவதை அது தடுத்துவிடும், விரைவாகவே தடுத்துவிடும். கேரளத்தில் கோட்டக்கல் மருத்துவர்கள் 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை ஒருவகைச் சிறுநீரக நோயால் வந்த 22 பேரை ஆராய்ந்தனர். அவர்களுள் 15 பேருக்கு அந்நோயின் அரிய வகை இருந்தது. அந்தப் பதினைவரில் 13 பேர் சிவப்பழகுக் களிம்பு பூசியவர்கள். கால் வீக்கமும் சிறுநீரில் நுரையும் அந்நோயின் அறிகுறிகள். நம் விதிகளின்படி அழகுப் பொருளில் தற்செயலாகக் கலந்துவிடும் பாதரசம் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கு மேற்படலாகாது. தயாரிப்பாளர் முகவரியோ கலந்த பொருள்களின் பட்டியலோ இல்லாத களிம்பு ஒரு வாரத்தில் முகத்தை வெளுக்கச் செய்தால், வாக்குறுதி பலித்ததற்காகவே அதைக் கீழே வைத்துவிட வேண்டும்.

அக்காவிடம் திரும்புவோம். அவருடன் உட்கார்ந்து லேபிளை மீண்டும் எழுத நமக்கு மூன்று மாலைகள் பிடித்தன. முதற்கேள்வி, இந்த எண்ணெய் மெய்யாகவே என்ன செய்கிறது என்பது. தேங்காயெண்ணெய் முடியின் உட்பகுதிவரை ஊறி, கழுவும்போதும் சீவும்போதும் முடியிலிருந்து புரதம் இழக்கப்படுவதைக் குறைக்கிறது என்று 2003-இல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது. அதனைச் செய்தவர்கள் எண்ணெய் விற்கும் நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் என்பதையும் சேர்த்தே சொல்லுவது நேர்மை. முடி வறளாது, சிக்கு எளிதில் பிரியும், பளபளப்பாயிருக்கும் என்பவை தம்பி மகனின் வலப்பாதித் தலையில் நாமே கண்டவை. இவ்வளவையும் எழுதலாம். முடி வேரைப் பற்றி ஒரு சொல்லும் எழுதுவதற்கில்லை.

"இதை யார் வாங்குவார்கள் தம்பி?" என்று கேட்டார் அக்கா. நமக்கு விடை தெரியவில்லை. பேசாமல் அடுத்த வரிக்குப் போனோம்.

அடுத்தது எந்த நாளுக்குள் பயன்படுத்துவது என்பது. பழைய லேபிளில் இது அறவே இல்லை. கரிசலாங்கண்ணிச் சாற்றை எண்ணெயில் காய்ச்சும்போது சடசடவென்று ஒலி எழும். சாற்றிலுள்ள நீர் ஆவியாகும் ஒலி அது. ஒலி அடங்கி, அடியில் தங்கிய விழுது கையில் உருட்டினால் திரண்டு, நெருப்பிலிட்டால் வெடிக்காமல் எரியும்வரை காய்ச்ச வேண்டும். அவசரப்பட்டு இறக்கினால் நீர் தங்கி, பூசணம் பிடிக்கும் அல்லது காறல் நாற்றம் வரும். மழைக்காலத்தில் அப்படி வந்ததுண்டு என்று அக்கா ஒப்புக்கொண்டார். எத்தனை மாதம் கெடாமலிருக்கும்? அவருக்குத் தெரியவில்லை. ஆகவே ஒவ்வொரு காய்ச்சலிலும் இரண்டு புட்டிகளை விற்காமல் நிறுத்தி, மாதமொருமுறை திறந்து முகர்ந்து குறிப்பெழுதத் தொடங்கினார். ஒவ்வொரு காய்ச்சலுக்கும் ஓர் எண் கொடுத்தார். லேபிளில் இடும் தொகுதி எண் இதுதான். கெட்டுப்போன புட்டி ஒன்று திரும்பி வந்தால், அதனுடன் காய்ந்த மற்றவை யார் யார் வீட்டில் இருக்கின்றன என்பது நோட்டுப் புத்தகத்தைப் புரட்டினால் தெரிந்துவிடும்.

பிறகு கலந்த பொருள்கள், மிகுதியானது முதலாக. நிகர அளவு. முகவரி. முழங்கையின் உட்புறத்தில் சிறிது தடவி இரண்டு நாள் பார்த்த பின்பு தலைக்குத் தடவுக என்று ஒரு வரி. புண், செதில், வட்டமாக முடி உதிர்தல் இருந்தால் தடவாமல் மருத்துவரிடம் காட்டுக என்று மற்றொரு வரி. இந்த வரியை எழுதும்பொழுது அக்கா பேனாவை நம் கையிலிருந்து வாங்கித் தாமே எழுதினார்.

உரிமத்தின் செய்தி மகிழ்ச்சி தருவதன்று. விற்பதற்காக அழகுப் பொருள் செய்ய மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் உரிமம் வேண்டும். அதன் எண்ணை லேபிளில் காட்டவும் வேண்டும். சமையலறையில் காய்ச்சியதற்கு அது கிடைப்பது அரிது. தனி இடம், ஏற்ற கருவிகள், தகுதி பெற்ற மேற்பார்வையாளர் என்று விதிகள் கேட்கும். உரிமம் பெற்ற ஒருவருடைய தொழிலிடத்தில் தம் பொருளைச் செய்துகொள்ள வேறொரு வகை உரிமமும் உண்டு. அக்கா அந்த வழியைத் தேர்ந்தார். அது கைகூடும் வரை எட்டு மாதங்கள் விற்பனையை நிறுத்தி வைத்தார். இப்பொழுது புட்டிக்கு விலை கூடியிருக்கிறது, வாங்குவோர் முன்னிலும் குறைவு. விலகிய பதினோரு வீடுகளில் நான்கு திரும்பியிருக்கின்றன. சிறுவனின் வீடு அவற்றுள் ஒன்றன்று.

புதிய லேபிளைத் தெலுங்கில் ஆக்கும் பணியும் நமக்கே வந்தது. இம்முறை ஒவ்வொரு வினைச்சொல்லையும் சித்தூரில் பிறந்து வளர்ந்த தெலுங்கு நண்பர் ஒருவரிடம் படித்துக் காட்டி, "இதைப் படித்தால் நீர் என்ன எதிர்பார்ப்பீர்?" என்று கேட்டுக்கொண்டோம். "தலை சீவ எளிதாயிருக்கும் என்று எதிர்பார்ப்பேன்" என்றார். "முடி முளைக்கும் என்று?" "அப்படி எங்கே எழுதியிருக்கிறது?" என்று அவர் திருப்பிக் கேட்டார். அதன் பிறகே அச்சுக்கு அனுப்பினோம்.

பழைய லேபிளில் முந்நூறுக்கு மேல் மிஞ்சிக் கிடந்தன. அக்கா அவற்றை எரிக்கவில்லை. பின்புறம் வெறுமையாக இருக்கிறதென்று, காய்ச்சல் எண்ணும் தேதியும் எழுதி, நிறுத்தி வைக்கும் புட்டிகளின் கழுத்தில் கட்டி வருகிறார்.